292 ரூபாய் 50 காசு

காலை ஒன்பதரை மணிக்குப் புரோக்கரிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது. உங்கள் கணக்கில் மார்ஜின் 292 ரூபாய் 50 காசு குறைகிறது, உடனே பணம் போடுங்கள், இல்லாவிட்டால் பொசிஷன் முடிக்கப்படும். செய்தி வந்த நேரத்தில் ஈரோட்டு ஜவுளிக்கடை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் போனைப் பார்த்தபோது மணி பத்தரை. அவருடைய பெயரில் இருந்த 5,69,250 ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தம் அதற்குள் விற்கப்பட்டுவிட்டது. ஐந்து நாளில் நஷ்டம் 30,750 ரூபாய். மதியம் டீ குடித்துக்கொண்டே மறுபடி விலையைப் பார்த்தார். பங்கு ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் உண்டாக்கிய ஆள். ஆனால் அவருக்கு நடந்தது தினம் தினம் யாருக்காவது நடக்கிறது. கணிப்பு தப்பாகிப் பணம் போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கணிப்பு சரியாகவே இருந்தும், அது பலிக்கும் நாள் வரை கணக்கு தாங்காமல் வெளியே தள்ளப்பட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. அந்தத் தள்ளுபடி எந்த விலையில் நடக்கும் என்பதை ஒப்பந்தம் வாங்குவதற்கு முன்பே பேனாவும் தாளும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை.

ஆறு லட்சத்தின் சாவி

தேசியப் பங்குச் சந்தையில் தனிப்பட்ட நிறுவனப் பங்குகளுக்கான ஃபியூச்சர்ஸ் 2001 நவம்பரில் தொடங்கியது. இதில் பங்கை ஒன்று, இரண்டு என்று வாங்க முடியாது. லாட் கணக்கில்தான் வாங்க வேண்டும். ஒரு லாட்டில் எத்தனை பங்கு என்பதைச் சந்தை நிர்ணயிக்கிறது, அவ்வப்போது மாற்றவும் செய்கிறது. நம் கணக்குக்கு பாரத ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொள்வோம். லாட் 750 பங்கு, விலை 800 ரூபாய் என்று வைத்தால் ஒரு லாட்டின் மதிப்பு ஆறு லட்சம். நீங்கள் படிக்கும் நாளில் விலையும் லாட்டும் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

ஆறு லட்சத்தையும் கட்டத் தேவையில்லை. ஒரு பகுதியை மார்ஜினாக வைத்தால் போதும். இதில் இரண்டு துண்டுகள் உண்டு. முதல் துண்டின் பெயர் ஸ்பான். சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் 1988-ல் உருவாக்கிய கணக்கு முறை அது. பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பார்த்து, ஒரு மோசமான நாளில் என்ன நஷ்டம் வரலாம் என்று அது மதிப்பிடுகிறது. இரண்டாவது துண்டான எக்ஸ்போஷர் மார்ஜின், ஒப்பந்த மதிப்பில் 3.5%. இரண்டும் சேர்ந்து பெரிய பங்குகளுக்கு அமைதியான காலத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் நிற்கும். நாம் 18% என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு லாட்டுக்கு வேண்டியது 1,08,000 ரூபாய்.

கடைக்காரர் கணக்கில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. புரோக்கர் செயலியில் ஒரு லாட் என்று போட்டதும் ‘தேவை 1,08,000, இருப்பு 1,50,000’ என்று காட்டுகிறது. மீதம் 42,000 இருக்கிறதே என்று அவருக்கு ஒரு தெம்பு. அந்தத் திரை சொல்வது ஒன்றுதான்: இன்று இந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும். எத்தனை நாள் உள்ளே இருக்க முடியும் என்பது அதில் இல்லை.

அதற்கு, தினமும் மாலையில் நடக்கும் ஒரு வரவு செலவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபியூச்சர்ஸில் லாப நஷ்டம் விற்கும் நாள் வரை காத்திருக்காது. வர்த்தகத்தின் கடைசி அரை மணி நேரச் சராசரி விலையை வைத்து அன்றன்றைக்குக் கணக்கு தீர்க்கிறார்கள். விலை எட்டு ரூபாய் இறங்கினால், 750 பங்குக்கு 6,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து ரொக்கமாகப் போய்விடும். சந்தை வட்டாரத்தில் இதை எம்.டி.எம். என்பார்கள். இந்த நஷ்டத்தை மறுநாள் சந்தை திறப்பதற்கு முன் கிளியரிங் கார்ப்பரேஷனுக்குக் கட்டவேண்டியவர் புரோக்கர். நீங்கள் தராவிட்டால் அவர் கைக்காசைப் போட வேண்டும். காலை ஒன்பதரை மணிக் குறுஞ்செய்தியின் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ஆசிரியர்கள் எழுதிய வர்த்தகப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருபவர்கள், நுழைய ஒரு மார்ஜின், தங்க அதைவிடக் குறைவான வேறொரு மார்ஜின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அப்படி இரண்டு படி உண்டு. நம் ஊரில் நுழைவதற்குக் கேட்கும் முழு மார்ஜினும் தங்கும்வரை இருந்தாக வேண்டும். பகலில் நான்கு முறை, முன்கூட்டிச் சொல்லாத நேரங்களில், சந்தை அதைப் படம் பிடித்துச் சரிபார்க்கிறது. ஆகவே கடைக்காரருக்கு மெத்தையாக இருப்பது ஒன்றரை லட்சம் இல்லை, அந்த 42,000 மட்டும்தான்.

சுவர் எங்கே இருக்கிறது

விலை எங்கே வந்தால் கணக்கில் இருக்கும் பணமும் வேண்டிய மார்ஜினும் சமமாகும்? அந்த விலையை மார்ஜின் கோடு என்று அழைக்கிறேன். 42,000-ஐ 750-ஆல் வகுத்தால் 56 ரூபாய் வரும். ஆனால் விலை இறங்க இறங்க ஒப்பந்தத்தின் மதிப்பும் குறைவதால், அதில் 18% என்னும் தேவையும் கொஞ்சம் குறையும். ஆகவே கோடு இன்னும் சற்றுக் கீழே இருக்கும். எக்செல் தாளில் B1-ல் வாங்கிய விலை, B2-ல் பங்குகளின் எண்ணிக்கை, B3-ல் கணக்கிலுள்ள பணம், B4-ல் மார்ஜின் சதவீதம் போட்டுக்கொண்டு, வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=(B1*B2-B3)/(B2*(1-B4))
```

800, 750, 1,50,000, 18% என்று போட்டால் விடை 731.71. அதாவது 68 ரூபாய், ஏறக்குறைய 8.5% இறக்கம். அதுதான் கடைக்காரருக்கும் கட்டாய விற்பனைக்கும் இடையிலுள்ள தூரம்.

விலை இறங்கும் என்று நம்பி விற்று வைத்திருப்பவருக்கு, அதாவது ஷார்ட் போனவருக்கு, குறிகள் மாறும்:

```
=(B1*B2+B3)/(B2*(1+B4))
```

இதன் விடை 847.46. மேல்நோக்கி 47 ரூபாய், அதாவது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அதே பணம், அதே பங்கு, ஆனால் தூரம் குறுகிவிட்டது. விலை ஏறும்போது நஷ்டமும் கூடுகிறது, ஒப்பந்த மதிப்பு வளர்வதால் மார்ஜின் தேவையும் கூடுகிறது. ஷார்ட் போகிறவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

மார்ஜின் கோட்டைத் தாண்டியதுமே எல்லாப் புரோக்கரும் விற்றுவிடுவதில்லை. சிலர் சிறிய குறைவைப் பொறுப்பார்கள், சிலர் மறுநாள் வரை தவணை தருவார்கள். கணக்கிலிருந்த பணத்தில் 80% போன்ற ஓர் அளவு நஷ்டமானால் யாரையும் கேட்காமல் விற்பவர்களும் உண்டு. கடைக்காரருக்கு அந்த 80% என்பது 640 ரூபாய் விலையில் வரும். 600 ரூபாயில் கணக்கே காலி. ஆக, 732, 640, 600 என்று மூன்று கோடுகள். ஆனால் கீழே உள்ள இரண்டையும் நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது என்பேன். முதல் கோட்டைத் தாண்டிய பிறகு உங்கள் பொசிஷன் இருப்பது அடுத்தவர் தயவில்.

இதுவரை நாம் போட்டது நின்ற இடத்தில் நிற்கும் சுவரின் கணக்கு. நிஜத்தில் சுவர் நடக்கும். கடைக்காரரின் ஐந்து நாளைப் பாருங்கள்.

முதல் நாள் முடிவில் விலை 792. கணக்கிலிருந்து 6,000 போய் மீதி 1,44,000. இரண்டாம் நாள் 779, மீதி 1,34,250. மூன்றாம் நாள் 785-க்கு ஏறியதில் 4,500 திரும்பி வந்தது. நான்காம் நாள் பெரிய இறக்கம், 762-ல் முடிந்தது. மீதி 1,21,500. மொத்தத்தில் விலை 38 ரூபாய், ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. 732 இன்னும் வெகு கீழே. கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

அவர் கவனிக்காத ஒன்று அந்த நான்கு நாளில் நடந்தது. பங்கு அதிகம் ஆட ஆரம்பித்ததும் ஸ்பான் கணக்கு தன் மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டது. அது நிலையான எண் கிடையாது, ஒரே நாளில் பலமுறை திருத்தப்படுவது. மொத்த மார்ஜின் 18-லிருந்து 21 சதவீதமாகியிருந்தது. 762 விலையில் 21% என்றால் 1,20,015 ரூபாய். கணக்கில் இருந்தது 1,21,500. மெத்தையாக மிச்சம் 1,485 ரூபாய், பங்குக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. ஐந்தாம் நாள் காலை விலை 759-ல் திறந்தது. கணக்கில் 1,19,250, வேண்டியது 1,19,542 ரூபாய் 50 காசு. குறைவு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

மேலே உள்ள வாய்பாட்டில் B4-ஐ மட்டும் 21% என்று மாற்றிப் பாருங்கள். கோடு 731.71-லிருந்து 759.49-க்கு மேலேறிவிடும். 8.5% தூரம் 5% ஆகச் சுருங்கிவிட்டது, விலை எதுவும் செய்யாமலேயே. ஆகவே தூரத்தை அளக்கும்போது இன்றைய மார்ஜின் சதவீதத்தைப் போடக் கூடாது. அதற்கு மேல் மூன்று, நான்கு புள்ளிகள் கூட்டிப் போட வேண்டும். பங்கு நமக்கு எதிராக வேகமாகப் போகும் நாளில்தான் மார்ஜினும் உயரும். இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை, அந்தக் கணக்கு முறையே அப்படி அமைக்கப்பட்டது.

இன்னொன்றையும் இந்த 292 ரூபாய் காட்டுகிறது. நான்கு லாட் வைத்திருப்பவருக்குப் பற்றாக்குறை வந்தால், புரோக்கர் ஒரு லாட்டை விற்பார், மீதி மூன்று தப்பிக்கும். ஒரே ஒரு லாட் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. லாட்டை உடைக்க முடியாது. முந்நூறு ரூபாய் குறைந்தாலும் முப்பதாயிரம் குறைந்தாலும் விற்கப்படுவது முழு 750 பங்குதான். சிறு கணக்குக்காரரின் நிஜமான பலவீனம் பணம் குறைவாக இருப்பதைவிட இதில்தான் இருக்கிறது.

தூரம் போதுமா?

8.5% என்பது அதிகமா, குறைவா? பங்கின் நடையைத் தெரிந்துகொள்ளாமல் சொல்ல முடியாது. ஸ்டேட் வங்கி போன்ற பெரிய பங்கு சாதாரண காலத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை சதவீதம் அளவுக்கு மேலோ கீழோ ஆடும் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய் பங்கில் அது 12 ரூபாய். ஒரு நாளை மட்டும் பார்த்தால் 8.5% வெகு தூரம்.

ஆனால் ஃபியூச்சர்ஸ் வாங்கியவர் ஒரு நாளுக்கு வாங்குவதில்லை, ஒரு மாதம் வைத்திருக்க நினைக்கிறார். அலைச்சல் நாட்களோடு சேர்ந்து வளரும், ஆனால் அதே வேகத்தில் வளராது. நாட்கள் நான்கு மடங்கானால் அலைச்சல் இரண்டு மடங்காகும். இருபது வர்த்தக நாளுக்கு, இருபதின் வர்க்கமூலமான ஏறக்குறைய நாலரையால் ஒன்றரையைப் பெருக்கினால் 6.7% வருகிறது. 8.5% தூரம் என்பது அந்த மாத அலைச்சலைப் போல ஒன்றேகால் மடங்குதான். வழக்கமான நிகழ்தகவுக் கணக்குப்படி, மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது விலை அந்தக் கோட்டைத் தொட்டுவிடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மார்ஜின் 21% ஆகி, தூரம் 5% ஆகிவிட்டால் அது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. மாத முடிவில் விலை எங்கே இருக்கும் என்பது இங்கே கேள்வியே இல்லை. நடுவில் ஒரு முறை தொட்டாலே கதை முடிந்தது. முடிவைச் சரியாகக் கணித்தவர் நடுவில் வெளியேற்றப்படுவது இப்படித்தான்.

இந்த நிகழ்தகவும் நல்லபிள்ளைக் கணக்கு. சந்தை சில நாள் அதை மதிப்பதில்லை. 2024 ஜூன் 3-ம் தேதி, தேர்தல் கருத்துக் கணிப்புகள் வெளியான பிறகு திறந்த சந்தையில் ஸ்டேட் வங்கிப் பங்கு ஏறக்குறைய 9% ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை, அதே பங்கு 14% அளவுக்கு விழுந்தது. நம் கணக்கில் ஷார்ட் போனவரின் கோடு ஆறு சதவீதத்துக்குள், லாங் போனவரின் கோடு 8.5%. ஒன்றரை லட்சத்தோடு ஷார்ட் போயிருந்தவர் திங்கட்கிழமை போயிருப்பார். அன்று மாலை விலையில் அதே அளவு மெத்தையோடு வாங்கியவர் செவ்வாய்க்கிழமை போயிருப்பார். அது எங்கோ மூலையில் கிடக்கும் சிறு நிறுவனமில்லை, நாட்டின் மிகப் பெரிய வங்கி.

‘ஸ்டாப் லாஸ் போட்டிருப்பேனே’ என்று சொல்பவர்கள் உண்டு. பகலில் மெல்ல இறங்கும் விலைக்கு ஸ்டாப் லாஸ் நல்ல காவல்காரன். இரவில் வரும் செய்திக்கு அது உதவாது. 2025 மார்ச் 10-ம் தேதி, இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் வேறுபாடு இருப்பதாக அறிவித்தது. மறுநாள் பங்கு 27% இறங்கி முடிந்தது. சாதாரணப் பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று நிலையான வரம்பு இருக்கிறது. ஃபியூச்சர்ஸ் உள்ள பங்குகளுக்கு அது கிடையாது. பத்து சதவீதத்தில் ஒரு தற்காலிகத் தடுப்பு, பிறகு அது தளர்ந்துகொண்டே போகும். ஆறு லட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் 27% என்றால் 1,62,000. ஒன்றரை லட்சம் வைத்திருந்தவருக்குக் கணக்கு காலியானதோடு 12,000 ரூபாய் கடனும் நிற்கும். ஆப்ஷன் வாங்கியவர் போட்டதைத்தான் இழப்பார். ஃபியூச்சர்ஸில் போட்டதற்கு மேலும் இழக்கலாம்.

எத்தனை லாட் என்று கேட்டால்

இப்போது அளவுக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கணக்கிலிருக்கும் பணத்தை லாட் மார்ஜினால் வகுத்து, வரும் எண்ணை வாங்குகிறார்கள். நான் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். பங்கின் ஒரு சாதாரண நாள் ஆட்டம் ஒரு லாட்டில் எத்தனை ரூபாய்? 12 ரூபாயை 750-ஆல் பெருக்கினால் 9,000. செய்தி எதுவும் இல்லாத, யாரும் பேசாத, வெறும் ஒரு செவ்வாய்க்கிழமையின் ஆட்டம் அது. கடைக்காரரின் ஒன்றரை லட்சத்தில் அது 6%. தினமும் தன் சேமிப்பில் ஆறு சதவீதம் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டு துணி வியாபாரம் செய்ய முடியுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சாதாரண நாளின் ஆட்டம் கணக்கில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைக்கும் அளவு. இது என் பழக்கம், சட்டம் இல்லை. உங்களுக்கு மூன்று சதவீதம் தாங்கும் என்றால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சதவீதத்துக்கு, 9,000-ஐ 0.02-ஆல் வகுத்தால் நாலரை லட்சம் வருகிறது. ஒரு லாட் ஸ்டேட் வங்கி ஃபியூச்சர்ஸுக்கு நாலரை லட்சம் ரூபாய். புரோக்கர் கேட்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

இதைக் கேட்டதும் ‘இவ்வளவு பணம் இருந்தால் பங்கையே வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் நாலரை லட்சம் இருக்கும்போது மார்ஜின் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். வாய்பாடு 244 ரூபாய் என்கிறது. மார்ஜினை 21% ஆக்கினாலும் 253. சுவர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது, நடந்தாலும் பத்து ரூபாய்தான் நடக்கிறது. 2024 ஜூன் 4 போன்ற 14% நாள் வந்தால் 84,000 போகும். வலிக்கும், ஆனால் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றரை லட்சக் கணக்கில் அதே நாள் பாதிக்கு மேல் தின்றுவிட்டு, மீதியோடு இருப்பவரையும் வெளியே தள்ளிவிடும். முதல் கணக்கில் எப்போது விற்பது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், இரண்டாவதில் புரோக்கரின் கணினி.

நடுவில் நிற்கும் தொகைகளும் உண்டு. இரண்டு லட்சத்தில் கோடு 650 ரூபாய்க்கு அருகே, மூன்று லட்சத்தில் 488-க்கு அருகே. ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆக்கினாலே தூரம் 8.5 சதவீதத்திலிருந்து 18.7-க்குத் தாவுகிறது. மேலே சேர்க்கும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க மெத்தையில்தான் போய் விழுகிறது. அதனால் மூன்று லட்சத்தோடு ஒரு லாட் என்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். ஒன்றரை லட்சத்தோடு என்பவரிடம் மட்டும் போடுவேன்.

மெத்தையை எதில் வைப்பது என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டிலுள்ள பங்குகளை அடகு வைத்து மார்ஜின் வாங்கலாம். ஆனால் தேவையான மார்ஜினில் பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்குச் சமமாகக் கருதப்படுவதாகவோ இருக்க வேண்டும். தினசரி எம்.டி.எம். நஷ்டத்துக்கு ரொக்கம் மட்டுமே செல்லும். அதைவிட முக்கியம், ஸ்டேட் வங்கிப் பங்கையே அடகு வைத்து ஸ்டேட் வங்கி ஃபியூச்சர்ஸ் வாங்கினால், விலை விழும் நாளில் கடனும் கூடும், அடகின் மதிப்பும் குறையும். மெத்தை என்று நினைத்தது சுவரோடு சேர்ந்து நகரும். வாய்பாட்டின் B3 கட்டத்தில் அடகுப் பங்குகளைச் சேர்க்காமல், ரொக்கத்தை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாதக் கடைசியில் இன்னொரு சுவர் காத்திருக்கிறது, அதற்கு விலையோடு சம்பந்தமே இல்லை. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃபியூச்சர்ஸும் பங்காகவே கைமாறித் தீர வேண்டும். எக்ஸ்பைரி நாளில், 2025 செப்டம்பர் முதல் தேசியப் பங்குச் சந்தையில் அது மாதத்தின் கடைசிச் செவ்வாய், பொசிஷனை முடிக்காமல் விட்டால் 750 பங்குக்கும் முழுப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறதா என்ற கவலையில், கடைசி வாரத்திலேயே பல புரோக்கர்கள் மார்ஜினை ஏற்றிவிடுவார்கள். 40% ஆக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியது 2,40,000, கடைக்காரரிடம் இருப்பது 1,50,000. விலை 800-லேயே ஆணி அடித்தாற்போல நின்றாலும் அவருடைய தூரம் பூஜ்யம். அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும், அல்லது அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன் புரோக்கரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மார்ஜின் குறைந்தால் எத்தனை மணி நேரம் தருவீர்கள், எந்த அளவு நஷ்டத்தில் கேட்காமல் விற்பீர்கள், எக்ஸ்பைரி வாரத்தில் எந்த நாளிலிருந்து எத்தனை சதவீதம் கேட்பீர்கள். கணக்குத் தொடங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் இடர் மேலாண்மைக் கொள்கை என்ற தலைப்பில் இதற்கான பதில் பொதுவாக இருக்கும். நம்மில் யாரும் அதைப் படித்திருக்க மாட்டோம்.

கடைக்காரருக்கு என் பதில் இதுதான். ஒன்றரை லட்சத்துக்கு ஸ்டேட் வங்கி ஃபியூச்சர்ஸ் எத்தனை லாட் வாங்கலாம் என்றால், பூஜ்யம். அந்தப் பங்கு ஏறும் என்று அவ்வளவு நிச்சயமாக நம்பினால், அதே பணத்தில் 800 ரூபாய் விலையில் 187 பங்குகளை நேரடியாக வாங்கிவிடலாம். விலை 759-க்கு வந்தால் அவருக்கு ஏட்டளவில் 7,667 ரூபாய் நஷ்டம். அந்தக் காலையில் அவர் போனுக்கு எந்தக் குறுஞ்செய்தியும் வராது.